புது பஸ் ஸ்டாப்புக்குப் பேர் கேட்டாங்க, பெரியப்பா சொன்ன பேரால ஊரே ரெண்டுபட்டுக் கிடக்குது

#1 ஏரிக்கரைப் பையன்

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி எங்க ஊர். பேரைச் சொன்னா பெரியப்பா யாருன்னு தெரிஞ்சுடும், அதனால விடுறேன். 2011-ல மாநகராட்சி எல்லையை விரிச்சப்ப உள்ள போன ஊர்கள்ல ஒண்ணு. காகிதத்துல வார்டு ஆகிட்டோம். ஆனா கூழ் ஊத்தறதுல இருந்து எல்லைத் தகராறு வரைக்கும் இன்னும் பெரியப்பா வீட்டுத் திண்ணையிலதான் முடிவாகும்.

மெயின் ரோட்டுல புதுசா ஒரு ஸ்டாப் வருது. ரொம்ப நாள் மனு கொடுத்து வாங்கினது. நிழற்குடைக்குக் கம்பி நட்டாச்சு, மேல போர்டுல எழுத பேர் வேணும்னு கான்ட்ராக்டர் நிக்கிறார். கோயில் தரப்பு அம்மன் கோயில்னு கேட்டுச்சு. எதிர்ல இருக்கற பெரிய அடுக்குமாடிக்காரங்க அந்த அடுக்குமாடிப் பேரைக் கேட்டாங்க. பழைய பஞ்சாயத்துத் தலைவரோட பையன் அவங்க அப்பா பேரைக் கேட்டார். கவுன்சிலர் என்ன பண்ணினார் தெரியுமா? "நான் யாரு பேர் வைக்க, ஊர்ப் பெரியவர் இருக்கார், அவர் சொல்றதுதான்"னு மண்டபத்துல எல்லார் முன்னாடியும் பெரியப்பா தலையில கட்டிட்டார். நழுவறதுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

பெரியப்பா உடனே வாயைத் திறக்கல. பொடி டப்பாவை எடுத்தார், மூடினார். "பஸ்ஸு எந்த எடத்துல நிக்கப் போவுது, கல்வெர்ட்டுக்கு இந்தாண்டயா அந்தாண்டயா?"ன்னு கேட்டார். இந்தாண்டதான்னாங்க. "அப்ப கலங்கல்னு எழுதிக்கோ." அவ்வளவுதான்.

கான்ட்ராக்டர் பையன் போன்ல தட்டிக்கிட்டே "கலக்கல்தானே சார்?"னு கேட்டான். மண்டபமே சிரிச்சுச்சு. சிரிப்பு ஓய்ஞ்சதும் சண்டை ஆரம்பிச்சது. ஏரி ரொம்பினா தண்ணி வழிஞ்சு போற கலங்கல் அங்கதான் இருந்துச்சு. எனக்கே அரைகுறையாத்தான் ஞாபகம், சின்ன வயசுல மீன் பிடிச்சிருக்கோம். இப்ப அடுக்குமாடிக்காரங்க கையெழுத்து வாங்கறாங்க, கோயில் தரப்பு பெரியப்பாவோட பேசறதில்லை. இப்படி ஒரு ஸ்டாப்புக்குப் பேர் வைக்க முறைப்படி யாருக்கு அதிகாரம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 பால்கனிக் காத்து

நான் அந்த அடுக்குமாடி இல்லை, ஆனா அதே ரோட்டுலதான் வீடு வாங்கியிருக்கேன். பெரியவர் மேல மரியாதை உண்டு. ஆனா கொஞ்சம் எங்க நிலைமையையும் யோசிங்க. இருபது வருஷக் கடன். நாளைக்கு வித்துட்டுப் போகணும்னா வாங்க வர்றவர் முதல்ல மேப்பைத்தான் பார்ப்பார். பக்கத்துல இருக்கற ஸ்டாப்புக்கு "ஏரித் தண்ணி வழியற இடம்"னு பேர் இருந்தா அவர் விலை பேசவே மாட்டார். சி.எம்.டி.ஏ. அனுமதி இருக்கு, பட்டா இருக்கு, வங்கி வக்கீல் பார்த்துத்தான் கடன் கொடுத்தார். அப்புறம் எதுக்கு எங்க வாசல்ல இப்படி ஒரு போர்டு? பொதுவா ஏதாவது "புது நகர்" மாதிரி வச்சா யாருக்கு என்ன நஷ்டம்?

#3 சரித்திரம் சங்கர்

இதுல குழப்பமே இல்லை. 1997-லயே அரசு முடிவு பண்ணிடுச்சு. போக்குவரத்துக் கழகங்களுக்குத் தலைவர்கள் பேர் வச்சு, அதுல ஒரு பேரால தென் மாவட்டங்கள்ல சாதிக் கலவரம் வெடிச்சது. அதுக்கப்புறம் பஸ் சம்பந்தப்பட்ட எதுக்குமே ஆள் பேர் வைக்கக் கூடாதுன்னு சட்டம். அதனால முன்னாள் தலைவர் பேர் தானாகவே தள்ளுபடி. மிச்சம் இருக்கற பேர்கள்ல எதை வைக்கணும்னாலும் அரசாணை வேணும். பெரியவர் சொன்னாலும் கவுன்சிலர் சொன்னாலும் செல்லாது.

#4 மாம்பலம் மாமி

எங்க பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டதுல இருந்து ஸ்டாப் எங்க இருக்குன்னே தெரியலை. முன்னாடி மருந்துக்கடை வாசல்ல நிக்கும், இப்ப ஒரு நாள் சிக்னல் தாண்டி நிக்கறது, ஒரு நாள் நிக்காமலே போறது. முழங்கால் வலியோட ஓட முடியறதா? இதுக்கு எங்க மனு குடுக்கறதுன்னு யாராவது சொல்லுங்கோளேன். பேர்ல என்ன இருக்கு, பஸ் நின்னாப் போறும்.

பால்கனி சாருக்கு ஒண்ணு. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னே இருக்கு. அந்த ஏரியை நான் கண்ணால பார்த்ததில்லை, என் மாமியார் பார்த்ததில்லை. அந்தத் தெருவில ஒரு ஃபிளாட் என்ன விலைன்னு போய்க் கேட்டுப் பாருங்கோ, மயக்கம் வரும்.

#5 டிப்போ ரிடையர்டு

டிராஃபிக் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில் சங்கர் தம்பிக்கு. 1997-ல் நடந்தது நீங்கள் சொன்ன கலவரம்தான், அது சரி. ஆனால் எடுக்கப்பட்டது போக்குவரத்துக் கழகங்களின் பெயரும் மாவட்டங்களின் பெயரும். 1972 முதல் சென்னையில் ஓடிய பல்லவன் அப்போதுதான் மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆனது. வடசென்னைக்கு 1994-ல் பிரித்த அம்பேத்கர் போக்குவரத்துக் கழகத்தின் பெயரும் அதே நேரத்தில் போனது. நம் பக்கத்துச் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம் காஞ்சிபுரம் ஆனதும் அப்போதுதான். பஸ் ஸ்டாப்புகளை யாரும் தொடவில்லை. தொட்டிருந்தால் பனகல் பார்க் என்று இன்று சொல்ல முடியுமா?

இப்போது கேள்விக்கு. ஸ்டாப் என்பது ஒரே ஆள் கையில் இருக்கிற விஷயம் இல்லை. பஸ் எங்கே நிற்கலாம் என்பதைக் கழகமும் போக்குவரத்துக் காவல்துறையும் பார்த்து முடிவு செய்யும். நிழற்குடை கட்டுவது பெரும்பாலும் மாநகராட்சி, இல்லாவிட்டால் எம்.எல்.ஏ., எம்.பி. நிதி. ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் அவர்கள் சம்மதமும் வேண்டும். ஆகவே பெயர் மூன்று இடங்களில் தனித்தனியாக வாழும். ஒன்று நிழற்குடையில் எழுதுவது. இரண்டாவது கழகத்தின் பட்டியலில் ஏறுவது. மூன்றாவது கண்டக்டர் வாயில் வருவது. மூன்றும் ஒன்றாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

உங்கள் ஊரில் எல்லோரும் சண்டை போடுவது முதலாவதற்கு. அதற்கு ஆயுள் குறைவு. அடுத்த தடவை பெயின்ட் அடிக்கும்போது மாறும், விளம்பரம் ஒட்டினால் மறையும், நிதி கொடுத்தவர் பெயர் பெரிதாகவும் ஸ்டாப் பெயர் சிறிதாகவும் இருக்கும். இரண்டாவதுதான் முக்கியம். ஆனால் அதில் ஒரு சிக்கல். ஸ்டாப் வேறு, ஸ்டேஜ் வேறு. கட்டணம் கணக்கிடுவது ஸ்டேஜை வைத்து. டிக்கெட் மெஷினில் ஏறி, சீட்டில் அச்சாகிற பெயர் ஸ்டேஜின் பெயர். ரெண்டு ஸ்டேஜுக்கு நடுவில் வருகிற ஸ்டாப்பில் ஏறினால் சீட்டில் முந்தைய ஸ்டேஜ் பெயர்தான் விழும். உங்கள் கலங்கல் வெறும் ஸ்டாப்பா, ஸ்டேஜா என்று விசாரியுங்கள். வெறும் ஸ்டாப் என்றால் இத்தனை சண்டைக்குப் பிறகும் டிக்கெட்டில் அந்தப் பெயர் வரவே வராது.

அதற்காக ஸ்டேஜ் ஆக்குங்கள் என்று மனு கொடுத்துவிடாதீர்கள். ஸ்டேஜைத் தள்ளி வைத்தால் அக்கம்பக்கத்துக்காரர் சிலருக்குக் கட்டணம் ஏறும், சிலருக்கு இறங்கும். அது இதைவிடப் பெரிய சண்டை.

#6 மூணாவது தெரு

நான் அதே ஊர். திரி போட்டவர் யாருன்னும் தெரியும், பெரியவரையும் தெரியும்.

மண்டபத்துல கூட்டம் போட்டீங்களே, அந்தத் தகவல் எங்க தெருவுக்கு வந்துச்சா? கோயிலுக்கு ஒரு தரப்பு, அடுக்குமாடிக்கு ஒரு தரப்பு, தலைவர் பையனுக்கு ஒரு தரப்பு. எங்க தரப்பைப் பத்தி முதல் பதிவுல ஒரு வரி இல்லை. அந்த ஸ்டாப்ல ஏறப் போறதுல பாதிப் பேர் எங்க ஆளுங்க. காலையில ஆறு மணி பஸ்ஸுக்கு வீட்டு வேலைக்குப் போற அம்மாக்கள் எல்லாம் எங்க தெருதான். அடுக்குமாடிக்காரங்க கார்ல போறாங்க.

ஸ்டாப் இல்லாதப்பவும் டிரைவர்கள் அங்க நிறுத்துவாங்க, என்ன பேர் சொல்லி நிறுத்துவாங்க தெரியுமா? "காலனி இறங்கு." அந்தச் சொல்லை அரசு ஆவணங்கள்லயும் பொதுப் புழக்கத்துலயும் இருந்து எடுக்கப் போறோம்னு 2025 ஏப்ரல்ல சட்டசபையிலேயே அறிவிச்சாங்க. போர்டுல யாரும் எழுத மாட்டாங்க, சரி. ஆனா டிப்போ ஐயா சொன்ன மூணாவது இடம் இருக்கே, கண்டக்டர் வாய், அங்க என்ன வரும்? நாங்க கேட்டது அம்பேத்கர் நகர். அதைச் சபையில எடுத்துச் சொல்லக்கூட ஆள் இல்லை.

#7 ஏரிக்கரைப் பையன்

மூணாவது தெரு, தண்டோரா போட்டாங்கன்னுதான் எனக்குச் சொன்னாங்க. உங்க பக்கம் வரலைன்னா அது தப்புதான், நான் சாக்கு சொல்லல.

டிப்போ ஐயாவுக்கு நன்றி. விசாரிச்சேன், வெறும் ஸ்டாப்தான். இதைச் சொன்னா சண்டை அடங்கும்னு பார்த்தேன். கோயில் தரப்பு "டிக்கெட்ல வராட்டி என்ன, போர்டுல அம்மன் பேர் இருந்தாப் போதும்"னு இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க.

#8 ரெட்டை ஜடை

நான் காலேஜ் போறவ. ஒரு சின்ன விஷயம். அம்மன் கோயில், பிள்ளையார் கோயில், வாட்டர் டேங்க், பெட்ரோல் பங்க் இதெல்லாம் வைக்காதீங்க ப்ளீஸ். ஆப்ல தேடினா ஊர் முழுக்க அதே பேர் வருது. எங்க ஏரியாவுலயே ரெண்டு பிள்ளையார் கோயில் ஸ்டாப். என் ஃப்ரெண்ட் ராங் ஸ்டாப்ல இறங்கி அழுதுட்டே போன் பண்ணினா. இப்ப சில பஸ்ல அடுத்த ஸ்டாப் பேரை ஸ்பீக்கர்லயே சொல்லுது, அங்கயும் இதே கதைதான். கலங்கல்னா ஒண்ணே ஒண்ணுதான் வரும்ல?

#9 சரித்திரம் சங்கர்

கழகத்துக்கும் ஸ்டாப்புக்கும் உள்ள வித்தியாசத்தை ஏத்துக்கிறேன். ஆனா சாலைக்கோ தெருவுக்கோ ஒருத்தர் பேர் வைக்கணும்னா மாநகராட்சித் தீர்மானம், அரசு அனுமதின்னு ஒரு வழி இருக்கு. நடிகர் விவேக் வீடு இருந்த சாலைக்கு 2022-ல அப்படித்தான் அவர் பேர் வச்சாங்க. ஸ்டாப்புக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு வழி இல்லை?

#10 டிப்போ ரிடையர்டு

ஏன் இல்லை என்றால், தெருப் பெயர் உங்கள் ஆதாரிலும் பத்திரத்திலும் ஏறுகிறது, ஸ்டாப் பெயர் அப்படி உங்கள் ஆவணம் எதிலும் ஏறுவதில்லை. அது இறங்குகிறவருக்கும் கண்டக்டருக்கும் நடுவில் உள்ள ஒப்பந்தம். ஓடுகிற வண்டியில், கூட்டத்துக்கு நடுவில், பின்பக்கப் படிக்கட்டு வரை கேட்கிற மாதிரி கத்தக்கூடிய பெயர்தான் நிற்கும். மூன்று எழுத்து, மிஞ்சினால் ஐந்து எழுத்து. ஜெமினி ஸ்டுடியோ போய் எத்தனை காலம் ஆகிறது? 1973-ல் திறந்த மேம்பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்று பெயர். இன்றைக்கும் "ஜெமினி எறங்கு"தான். சாஃபயர் தியேட்டர் இடித்த பிறகும் ரொம்ப நாள் சாஃபயர் என்றே டிக்கெட் கேட்டார்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு 2019-ல் வைத்த முழுப் பெயரைச் சொல்லி எந்தக் கண்டக்டராவது அழைத்துக் கேட்டிருக்கிறீர்களா?

ஆகவே முன்னாள் தலைவர் பெயரை முழு இனிஷியலோடு போர்டில் எழுதினாலும் ஒரு வாரத்தில் அது "கல்வெர்ட்" ஆகிவிடும். கலங்கல் பிழைக்க வாய்ப்பு உண்டு. கத்துவதற்கு வாட்டமான பெயர்.

மூணாவது தெரு தம்பிக்கு: கண்டக்டர் வாயை மாற்ற ஒரே வழி, ஏறுகிற ஆட்கள் டிக்கெட் கேட்கும்போது புதுப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்பதுதான். பெண்கள் 2021-ல் இருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் இலவசமாகப் போகிறார்கள். சீட்டு வாங்கும்போது இறங்குகிற இடத்தைச் சொல்லத்தான் வேண்டும். காலை ஆறு மணி பஸ்ஸில் இருபது பேர் ஒரே பெயரைச் சொன்னால் டிப்போ முழுக்க அதுதான் பெயர்.

#11 பால்கனிக் காத்து

எல்லாரும் பேசறீங்க, நஷ்டம் எங்களுக்கு மட்டும்தான். மாமி சொன்ன லேக் வியூ ரோடும் இதுவும் ஒண்ணா? அந்த ஏரி எப்பவோ போயிடுச்சு. தி.நகரே ஏரி மேல கட்டினதுன்னு எனக்கும் தெரியும், 1920-கள்ல நடந்த கதை. இங்க ஏரி இன்னும் இருக்கு. அதான் பிரச்சினையே.

#12 ஏரிக்கரைப் பையன்

பால்கனி சார், நீங்க சொல்லிட்டீங்க. ஏரி இன்னும் இருக்கு, அதனாலதான் பெரியப்பா அந்தப் பேரைச் சொன்னார்.

நேத்து அவர்கிட்டயே உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னது இது. மடை வேற, கலங்கல் வேற. மடை வயலுக்குத் தண்ணி விடறது, திறக்கலாம், மூடலாம். கலங்கலுக்குக் கதவு கிடையாது. கரையைவிடத் தாழ்வா கல்லுல கட்டி விட்டிருப்பாங்க. ஏரி ரொம்பினா தண்ணி தானா அதுமேல வழிஞ்சு கால்வாய்ல இறங்கி, சதுப்புக்குப் போய், அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் முகத்துவாரம்னு கடலுக்குப் போவும். அது வழியலைன்னா கரை உடையும், ஊர் போவும். கலங்கல் மேல வரிசையா கல் நட்டிருக்கும். ஐப்பசி கார்த்திகையில தண்ணி வேணும்னு கல்லுக்கு நடுவுல மண்ணும் வைக்கோலும் அடைப்பாங்க, மட்டம் ஒரு முழம் ஏறும். மழை பலமா புடிச்சா ராத்திரியோட ராத்திரியா அடைப்பைப் பிடுங்கி விடணும்.

இப்ப அந்தக் கால்வாய் எங்கன்னா, பாதி ரோட்டுக்குக் கீழ அந்தக் கல்வெர்ட், மீதி அந்த அடுக்குமாடிக் காம்பவுண்டுக்குப் பக்கத்துல சாக்கடை அகலத்துக்கு ஓடுது. 2015 டிசம்பர்ல தண்ணி எந்த வழியா வந்துச்சுன்னு ரோட்டுல இருக்கறவங்களுக்கு ஞாபகம் இருக்கும். "பேரை எழுதினாலாவது கல்வெர்ட்டை அடைக்க வர்றவன் யோசிப்பான்"னார். அவ்வளவுதான் அவர் கணக்கு.

#13 மூணாவது தெரு

ராத்திரியோட ராத்திரியா அடைப்பைப் பிடுங்கினது யாருன்னு பெரியப்பாவைக் கேட்டீங்களா?

எங்க தாத்தா. ஊர் நீர்க்கட்டி. மழையில கோணியைத் தலையில போட்டுக்கிட்டு, கையில அரிக்கேன் விளக்கோட கரை மேல நடப்பார். எலி வளை, நண்டு வளை இருந்து தண்ணி கசிஞ்சா அதை அடைக்கிறதும் அவர்தான். கூலி நெல்லு, அறுவடைக்கு அறுவடை, வீட்டுக்கு வீடு போய் வாசல்ல நின்னு வாங்கணும். இந்தப் பக்கத்து ஊர்கள் நிறையத்துல அந்த வேலை எங்க சனங்கதான் செஞ்சாங்க. ஏரியில தண்ணி இருக்கற வரைக்கும் கலங்கல் எங்க கையில, வயல் உங்க கையில.

அதனால கலங்கல்னு பேர் வச்சா எனக்கு ஆட்சேபணை இல்லை. உண்மையைச் சொன்னா அம்பேத்கர் நகரைவிட அது எங்க தாத்தாவுக்குப் பக்கம். ஆனா பெரியவர் பெருந்தன்மையா ஊருக்குக் கொடுத்த பேர்னு கல்வெட்டுல எழுதி வைக்காதீங்க. எங்க தெரு ஆளுங்களைக் கூப்பிட்டு இன்னொரு தடவை கூட்டம் போடுங்க, மண்டபத்துல இல்லை, ஸ்டாப் வர்ற இடத்துலயே.

#14 ஏரிக்கரைப் பையன்

பெரியப்பாகிட்ட இதை அப்படியே படிச்சுக் காட்டினேன். "அவன் தாத்தன் கூப்பிட்டா நான் போயிருக்கேன் கரைக்கு, வெளக்கு புடிக்க"னு சொன்னார். அதுக்கு மேல பேசல. கூட்டத்துக்கு வருவாரான்னு கேட்டதுக்கு முட்டி வலிக்குதுன்னார். வருவார்னும் சொல்ல முடியாது, மாட்டார்னும் சொல்ல முடியாது. அம்மா பேசிப் பார்க்கறேன்னு இருக்காங்க.

கோயில் தரப்பு புதுசா ஒண்ணு கிளப்பியிருக்காங்க: "கலங்கல் அம்மன் கோயில்". டிப்போ ஐயா, இது எவ்வளவு நாள் தாங்கும்?

#15 டிப்போ ரிடையர்டு

போர்டில் மூன்று சொல்லும் இருக்கும். கண்டக்டர் முதல் சொல்லோடு நிறுத்திக்கொள்வார். கோயில்காரருக்குப் போர்டு, உங்கள் பெரியப்பாவுக்கு வாய். சம்மதிக்கலாம் என்பது என் எண்ணம்.

#16 மூணாவது தெரு

நான் சம்மதிக்கலை. நாங்க நுழைய ஒரு காலத்துல சண்டை போட்ட கோயில் அது. அந்தப் பேரை எங்க தாத்தா வேலை செஞ்ச இடத்தோட ஒட்ட வைக்காதீங்க.

#17 பால்கனிக் காத்து

எங்க குரூப்ல கையெழுத்து இன்னும் போயிட்டுத்தான் இருக்கு. நான் இன்னும் போடலை. கல்வெர்ட் எவ்வளவு அகலம், கால்வாய் ஆவணத்துல எவ்வளவு அகலம்னு யாராவது நில அளவைப் பதிவேட்டைப் பார்த்தீங்களா? மழைக்கு முன்னாடி அதைத் தெரிஞ்சுக்கணும்.

#18 மாம்பலம் மாமி

என் மனுவுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை.